நாலாவது கட்டம்

உறைக்காரக்காவுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவுக்கு வந்த வாத்தியங்களில் அவள் கைபடாதது எதுவும் இல்லை. வாத்தியங்களுக்கு உறை தைப்பதுதான் அவள் தொழில். முன் அறையில் அவள் புருஷன், எனக்கு அண்ணன் முறை, தந்தி வாத்தியங்களைப் பழுது பார்ப்பார். பின் அறையில் இவள் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள்.

அடுத்த கடை என்னுடையது. நூல், ஜிப், பஞ்சு, கம்பளி நூல் என்று எல்லாம் வைத்திருக்கிறேன், கூட்டத்தைத் தவிர. அதனால் பாதி நாள் அக்காவின் மெஷினுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவள் தைப்பாள், நான் பேசுவேன். நான் மூச்சு வாங்க நிறுத்தும்போது அவள் முனகுவது கேட்கும். அது பாட்டில் சேர்த்தி இல்லை. மெஷினின் மிதிக்குத் தகுந்தபடி மேலும் கீழுமாகப் போய் வரும் ஒரு முனகல், அவ்வளவுதான். முன் அறையில் அண்ணன் சுதி சேர்த்துக்கொண்டிருந்தால் தொலைந்தது. ஊரில் இருக்கிற தந்தியெல்லாம் என் பேச்சைக் கேட்கிறது, இவள் தொண்டை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது என்று அங்கிருந்தே புலம்புவார்.

அவர்களுக்கு ஒரே மகள். நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம். இசைக் கல்லூரியில் வாத்தியங்கள் வைத்திருக்கும் அறையில் வேலை. எது எந்த அலமாரி, யார் எடுத்துப் போனார், திரும்பி வந்ததா என்று பார்த்துக்கொள்வது. போன மழைக்காலத்தில் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இருபத்து மூன்று வயது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர் மனசை வேறு எதற்கோ தயார் செய்துவிட்டு நடுவில் போட்டு உடைக்க எனக்குப் பிடிக்காது.

அந்தப் பெண்தான் அம்மாவுக்கு வாத்தியங்களின் நாலு வகையையும் கற்றுக்கொடுத்தது. அதற்குக் காரணம் அக்கா செய்த ஒரு சொதப்பல். யாரோ ஒருவர் வட்ட வயிறுள்ள ஒரு வாத்தியத்துக்கு உறை கேட்டிருந்தார். வயிற்றில் தோல் போர்த்தி இருந்தது. அக்கா அதைப் பார்த்ததும் மேளம்தான் என்று முடிவுகட்டி, மேளத்துக்குத் தைக்கிற மாதிரி மேலே தட்டையாக அட்டை வைத்து இறுக்கித் தைத்துவிட்டாள். தோலுக்கு மேலே நாலு தந்தி ஓடியது, அதைத் தாங்க ஒரு சின்ன மரக் குதிரை நின்றது. அட்டை அழுத்தியதில் குதிரை தோலைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. வந்தவர் போட்ட சத்தத்தில் என் கடை பட்டன் டப்பாக்கள் எல்லாம் ஆடின.

அன்று சாயங்காலம் வாலு அம்மாவைச் சமையல் மேடை முன்னால் நிறுத்தினாள். நானும் டீ டம்ளரோடு போய் நின்றுகொண்டேன், வேடிக்கைக்கு யார் கூலி கேட்கப்போகிறார்கள்.

முதலில் சாப்பாட்டு டப்பாவின் மேல் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிச் சுண்டினாள். அடுத்து தகர டின்னின் வாயில் பலூனைக் கிழித்து இழுத்துக் கட்டி விரலால் தட்டினாள். மூன்றாவதாகக் காலி பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதினாள். நாலாவதாக அதே பாட்டிலைக் கரண்டியால் தட்டினாள்.

இதில் எத்தனை வகை என்று கேட்டாள். அக்கா யோசித்து, சுண்டுவது ஒன்று, தட்டுவது ஒன்று, ஊதுவது ஒன்று, ஆக மூன்று என்றாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

"ம்மா, கை என்ன பண்ணுதுன்னு பாக்காத. கை ஏமாத்தும். எது துடிக்குதுன்னு பாரு."

ரப்பரைச் சுண்டிவிட்டு அம்மாவின் விரலை எடுத்து ரப்பர் மேல் வைத்தாள். சத்தம் செத்தது. இது நரம்பு வகை, டப்பா சத்தத்தைப் பெரிசாக்குகிறது, அவ்வளவுதான் என்றாள். பலூன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தட்டச் சொன்னாள். மொத்தென்றது. அங்கே துடிப்பது இழுத்துக் கட்டிய தோல். அம்மாவை இரண்டு கையாலும் பாட்டிலை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஊதினாள். சத்தம் அப்படியே வந்தது. கண்ணாடி சும்மா சுவர்தான், உள்ளே இருக்கும் காற்றுதான் பேசுகிறது என்றாள். அதே மாதிரி இறுக்கிப் பிடித்தபடி கரண்டியால் தட்டினாள். 'டக்' என்று அடங்கிப்போனது. கையை எடுத்ததும் 'ணிங்' என்றது. இப்போது பேசுவது கண்ணாடியே. அதற்குத் தந்தியும் வேண்டாம், தோலும் வேண்டாம், உடம்பே சத்தம். தானே ஒலிப்பது, தானொலி.

"ஒரே பாட்டில் ரெண்டு வகையாடி?" என்று அக்கா வாயைப் பிளந்தாள்.

நம்பிக்கை வராததைப் பார்த்து அந்தப் பெண் பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றினாள். ஊதினால் சத்தம் முன்னைவிட மேலே ஏறியது, காற்றுக்கு இடம் குறைந்துவிட்டதே. தட்டினால் கீழே இறங்கியது, தண்ணீர் சேர்ந்து கண்ணாடிக்குச் சுமை கூடிவிட்டதே. ஒரே பாட்டில், ஒரே தண்ணீர், இரண்டும் எதிர் எதிராகப் போகின்றன. என் டீ ஆறிப்போனது.

அதற்கப்புறம் அக்கா எந்த வாத்தியத்துக்கும் பயப்படவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் கவலைப்பட மாட்டாள். எதைத் தொட்டால் சத்தம் சாகிறது என்று பார்ப்பாள், அதற்கேற்ப உறை தைப்பாள். நரம்பு என்றால் குதிரைக்கு மேலே கூடாரம் மாதிரி வெற்றிடம், கழுத்துக்குக் கெட்டியான தாங்கல். தோல் என்றால் ஈரம் அண்டாத துணி, முகத்தில் எதுவும் படாதபடி விறைப்பான விளிம்பு. காற்று என்றால் வாசித்து முடித்த ஈரம் உள்ளே இருக்கும், அதனால் மூச்சு விடுகிற துணி. தானொலி என்றால் உடம்பு முழுக்கக் குரல், எதுவும் எதன் மேலும் இடிக்கக் கூடாது, நடுநடுவே கம்பளித் தடுப்பு. ஒரு முறை கப்பலில் வேலை பார்க்கிறவர் ஒரு சுரைக்குடுக்கையைக் கொண்டுவந்தார். அதில் இரும்பு நாக்குகள் வரிசையாக இருந்தன, கட்டை விரலால் சுண்டினார். அண்ணன் எட்டிப் பார்த்து, சுண்டுகிறாரே, நம்ம வகைதான் என்றார். அக்கா நாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இழுத்துக் கட்டினது எதுவும் இல்லை, இரும்பே துடிக்கிறது, தானொலி என்றாள். அண்ணன் தானும் ஒரு தடவை சுண்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அன்று அக்கா முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை.

ஆர்டர் சீட்டைக்கூட வாலுதான் அச்சடித்துக் கொடுத்தாள். நீளம், அகலம், உயரம், அதற்குக் கீழே நாலு கட்டம். நரம்பு, தோல், காற்று, தானொலி. எதுவோ அதில் டிக் போட வேண்டும்.

வாலு போனபின் மெஷின் ஓடியது, முனகல் நின்றது. அக்கா தைத்துக்கொண்டே இருப்பாள், ஒரு சத்தம் இருக்காது. நான் பேசிப் பேசி ஓய்ந்தேன். அண்ணன் நிலைமை அதைவிட மோசம். கருவிகளைத் தொடவே இல்லை. முன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். மகளின் அறைக் கதவை இருவரும் திறக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அக்கா என் கடைக்கு ஒரு சீட்டைக் கொண்டுவந்தாள். ஆர்டர் கட்டின் அடியில் இருந்ததாம். அடுத்த மாதம் தன் பிறந்த நாள் என்று அந்த மாதத்து வேலைகளுக்கு நடுவில் செருகி வைத்திருந்திருக்கிறாள் அந்தப் பெண். நீளம், அகலம், உயரம் எல்லாம் அவள் கையெழுத்தில். அகலத்துக்குப் பக்கத்தில், பெரிய பட்டையின் நுனி வரை என்று ஒரு குறிப்பு. நாலு கட்டமும் காலி. கீழே இரண்டு வரி: "உன் முனகலுக்கு மட்டும் சரியா வரும். வகை நீயே கண்டுபிடி."

அக்கா அழவில்லை. சீட்டை நாலைந்து முறை தடவினாள்.

"அவ எனக்கு என்னமோ செஞ்சிருக்கா. உள்ளதான் இருக்கும். நான் போய்ப் பாக்கணும். இன்னும் ரெண்டு நாள் போகட்டும், கால் வர மாட்டேங்குது."

நான் அப்போதே ஒன்று சொல்லியிருக்க வேண்டும். வாலு காய்ச்சலில் படுப்பதற்கு ஒரு மாதம் முன்னால் என் கடையில் பருத்திக் கயிறு இரண்டு முழமும் சிவப்புக் கம்பளி நூல் ஒரு உருண்டையும் வாங்கினாள். கம்பளி எதுக்கு, குளிரவே இல்லையே என்று கேட்டேன். சத்தத்துக்குச் சட்டை போடப்போறேன் என்று சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள். அதை நான் மறந்தே போயிருந்தேன். வாய் ஓயாமல் பேசுகிறவள், பேச வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்.

அந்த ரெண்டு நாள் ஒரு மாதம் ஆனது. ஆனால் அக்காவிடம் ஒரு தெம்பு வந்திருந்தது. காரணம் அண்ணன். அவர் திரும்பவும் வேலையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் முன் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே அரம் தேய்க்கும் சத்தம், ரம்பம், பசை வேகும் வாசனை. சாப்பாட்டுக்கு அவராகவே வந்து உட்காருகிறார், ரெண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார் என்று அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். கடவுள் ஒரு கண்ணையாவது திறந்தாரே என்று நானும் சொன்னேன். அதிலும் ஒரு கண்தான், வாயில் நல்லதாக வருவதே இல்லை எனக்கு.

வாலுவின் பிறந்த நாளன்று மதியம் அண்ணன் எங்கள் இருவரையும் முன் அறைக்குக் கூப்பிட்டார். முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். மேஜை மேல் ஒரு துணி மூடியிருந்தது.

"பாப்பா ரூம்ல இருந்துச்சு. பாதியில விட்டுட்டுப் போயிட்டா. நான் முடிச்சிட்டேன்."

துணியை எடுத்தார். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்த மரப் பெட்டி. மேலே மெல்லிய பலகை, அதில் வட்டமாக ஒரு துளை. பலகை மேல் குறுக்காக எட்டு இரும்புப் பட்டைகள், பெரிசிலிருந்து சின்னதாக. அவற்றுக்கு மேலே இரண்டு எஃகுத் தந்தி, முனையில் முறுக்காணி. பளபளவென்று இருந்தது. அவர் கைவேலை அப்படி.

அண்ணன் பேசிக்கொண்டே போனார். எட்டு மாதத்துப் பேச்சும் அன்று வந்தது. பெட்டிக்கு மேல் பலகை போடவே இல்லையாம், மறந்துவிட்டாள். தந்திக்குப் பதில் பருத்திக் கயிறு கட்டி வைத்திருந்தாள், அதையும் இரண்டு ஓரத்தில் தொளதொளவென்று. அனுபவம் பத்தாது, பாவம். எஃகுத் தந்தியை நடுவுக்குக் கொண்டுவந்து முறுக்கேற்றியிருக்கிறார். மெட்டுப் பட்டைகளை, அதாவது தந்தியை அழுத்திச் சுரம் பிரிக்க அடியில் வைக்கிற பட்டைகளை, தனியாகத் தாளில் சுற்றி வைத்திருந்தாள். ஆணிக்கு ஓட்டை மட்டும் போட்டிருந்தாள், அதுவும் ஓரத்தில் போடாமல் கொஞ்சம் உள்ளே தள்ளி. அதிலேயே திருகாணி போட்டு இறுக்கிவிட்டார். பட்டைகள் பெட்டியைவிட நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தைச் சீராக வெட்டி, தந்தி இடிக்காமல் இருக்க நடுவை அரத்தால் சமமாக்கிவிட்டார்.

"சின்னச் சின்ன தப்புதான். ஆனா நினைப்பு பாத்தியா? தந்தி வாத்தியம் செஞ்சிருக்கா. என் பொண்ணு."

விரலால் மீட்டினார். நல்ல நாதம், பொய் சொல்லக் கூடாது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, முகம் சிரித்தது. அந்த முகத்தை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று.

அக்கா குனிந்தாள். பட்டைகளில் இருந்த ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு திருகாணி மேல் சுட்டு விரலை வைத்தாள். பிறகு, வந்துவிடுகிறேன் என்று எழுந்து நேராக மகளின் அறைக்குப் போனாள். எட்டு மாதம் கால் வராத அறை. நானும் பின்னாலேயே போனேன்.

அலமாரியில் துணிகளுக்கு அடியில் கைவிட்டாள். இரண்டு குச்சிகள் வந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் சிவப்புக் கம்பளி உருண்டை, என் கடை நூல்.  நான் விற்றது, சத்தத்துக்குச் சட்டை போடப்போறேன் என்று அவள் சொன்னது, எல்லாவற்றையும் அங்கேயே உளறிவிட்டேன். அக்கா கேட்டுக்கொண்டே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதைக் கேட்டபின்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஒரு நாள் வாலு ஒரு இரும்புப் பட்டையை இரண்டு ஸ்பாஞ்சுத் துண்டின் மேல் வைத்து, உப்பைத் தூவித் தட்டிக் காட்டினாளாம். உப்பு குதித்துக் குதித்து இரண்டே இடத்தில் கோடு மாதிரி ஒதுங்கி நின்றது. ஓரத்திலும் இல்லை, நடுவிலும் இல்லை. ஓரத்திலிருந்து கால் பங்குக்குச் சற்றுக் குறைவான தூரம். பட்டை துடிக்கும்போது அந்த இரண்டு இடம் மட்டும் அசையாது, அங்கே பிடித்தால்தான் சத்தம் சாகாது என்றாளாம். ஓட்டைகள் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தன. ஆணிக்கு இல்லை, கயிற்றுக்கு. இரண்டு ஓரக் கயிறும் பட்டைகளைத் தொட்டில் மாதிரி தொங்கவிட. மேல் பலகை மறந்துபோகவில்லை, பட்டையின் சத்தம் விழுந்து பெரிசாக வேண்டிய குழிதான் அந்தத் திறந்த பெட்டி. அதில் தந்தியே கிடையாது. அக்காவின் முனகலில் வருகிற எட்டுச் சத்தத்துக்கு எட்டுப் பட்டை.

"திருகாணியைக் கழட்டிட்டுக் கயிறு கட்டிட்டா சரியாயிடாதா அக்கா?" என்று கேட்டேன்.

"சத்தம் வரும். அந்தச் சத்தம் வராது. ஓரத்தை வெட்டினா மேல ஏறும், நடுவைத் தேச்சா கீழ இறங்கும். ரெண்டையும் பண்ணிட்டாரு. அவ சத்தத்த எங்க நிறுத்தியிருந்தான்னு இனிமே யாருக்குத் தெரியும்?"

முன் அறையிலிருந்து தந்தி மீட்டும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவர் கூடவே மெல்லப் பாடினார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் தந்தியோடு கிடந்த மனுஷன், கயிற்றைக் கண்டால் தந்தி, பெட்டியைக் கண்டால் வீணைக் குடம். ஒரு பட்டையைத் தட்டிப் பார்த்திருந்தால் போதுமே. போய்க் கேட்டுவிடுகிறேன் என்று எழுந்தேன். அக்கா என் புடவையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அவரு சாப்பிடுறாரு. தூங்குறாரு. இதச் சொன்னா அவரு மறுபடி அந்த நாற்காலிக்குப் போயிடுவாரு. எனக்கு இருக்கறது இவரு ஒருத்தருதான்."

சீட்டை ஜாக்கெட்டிலிருந்து எடுத்தாள்.  முதல் கட்டத்தில், நரம்பில், டிக் போட்டாள். அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் படித்துவிட்டு, என்னைக் கேட்டிருந்தால் அப்பவே சொல்லியிருப்பேனே என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். குச்சிகள் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் போயின.

மறுவாரம் அவள் உறை தைத்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், வழக்கத்துக்கு மாறாக வாயை மூடிக்கொண்டு. முதலில் தந்தி வாத்திய உறைக்கு வெட்டுகிற மாதிரிதான் துணியை வெட்ட ஆரம்பித்தாள். கத்தரி பாதியில் நின்றது. அந்தத் துண்டை ஓரமாக வைத்துவிட்டு வேறு துணியை எடுத்து, சீட்டைப் பார்த்து அளந்தாள். எழுதுவதற்கு வந்த பொய் தைப்பதற்கு வரவில்லை. மகள் கொடுத்த அகலம், மகள் கொடுத்த நீளம். உள்ளே கம்பளித் தடுப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக ஏழு. வேண்டாம் அக்கா என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அண்ணன் உறையை ஆசையாக வாங்கிக்கொண்டார். வாத்தியத்தை அதில் இறக்கினார். அது தொளதொளத்தது. அவள் தைத்த உறையில் ஒரு வாத்தியம் ஆடி அவர் பார்த்ததில்லை. பட்டைகளின் இரண்டு பக்கமும் வெற்றிடம். அதில் விரலை விட்டுப் பார்த்தார். அகலமான பக்கத்தில் இரண்டு விரல் போனது, குறுகலான பக்கத்தில் ஒன்று. அவர் வெட்டிப் போட்ட அளவு. அப்புறம் உள்ளே தடவினார். கம்பளித் தடுப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். அது எந்த வகைக்கு என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் விரல் மறுபடி அந்த வெற்றிடத்துக்குப் போனது.

"நாலாவதா?" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள்.

"வெட்டின துண்டெல்லாம் அன்னைக்கே குப்பையில போட்டுட்டேன்."

"தெரியும்ங்க."

அவர் கத்தவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. வாத்தியத்தை வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பெரிய பட்டையை எடுத்து, அந்த ஓட்டையில் நூலைக் கோத்துத் தொங்கவிட்டு நகத்தால் தட்டினார். 'ணிங்' என்றது. இத்தனை வருஷம் சுதி பார்த்த காது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.

"இதோட சத்தம் முதல்ல எங்க இருந்திருக்கும்?"

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். அவர் மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"உன் முனகலுக்குன்னுதானே எழுதியிருக்கா. அப்ப அந்த எட்டும் உன்கிட்டதானே இருக்கு. ஒரு தடவை முனகு. நான் அதப் பிடிச்சிக்கிறேன். வேற இரும்பு வாங்கி, அதுக்குச் சுதி சேத்து, முதல்ல இருந்து செய்றேன். ஒரே தடவை."

முப்பது வருஷம் காதைப் பொத்திக்கொண்ட மனுஷன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய வாயையே பார்த்தார். அக்கா மெஷினில் போய் உட்கார்ந்தாள். துணி இல்லாமலே மிதித்தாள், மிதித்தால் வருமென்று. ஊசி மேலும் கீழும் போய் வந்தது. வாயைத் திறந்தாள். எட்டு மாதமாக அவள் தொண்டைக்குள் தொலைந்து கிடந்ததைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மனசுக்குள் நானும் தேடினேன். வருஷக்கணக்கில் எதிரே உட்கார்ந்து கேட்டவள் நான். நான் பேச்சை நிறுத்திய இடைவெளியில்தான் அதைக் கேட்டிருந்தேன், ஒரு துளிகூட நினைவில்லை.

காற்று மட்டும் வந்தது.

அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. அவர் பட்டையைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார்.